சத்து சூப்பிலா, சக்கையிலா?



இந்த நாட்களில் வட்ஸ்அப் குழுமங்களில் சூப் விளம்பரங்கள் நிறைய வருகின்றன. "ஒரு கோப்பை கோழி சூப்பில் 25 கிராம் புரதம்", "எலும்பு சூப் ஒரு கப் குடித்தால் இறைச்சியே தேவையில்லை" என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். வீட்டில் சுகமில்லாத வாப்பாவுக்கும் பிள்ளை பெற்ற மகளுக்கும் அதை நம்பித்தான் வாங்கிக் கொடுக்கிறோம். இந்தக் கணக்கு சரியா என்று பார்க்க ஆய்வுகூடம் தேவையில்லை. தராசும் ஒன்பதாம் தரத்துப் பிள்ளைக்குத் தெரிந்த வகுத்தலும் போதும்.

அடிப்படை ஒன்றுதான். பானைக்குள் போட்டதைவிட அதிகமான புரதம் பானையிலிருந்து வெளியே வர முடியாது. தண்ணீரில் புரதம் இல்லை. இஞ்சி, பூடு, மிளகில் வருவது கணக்கில் எடுக்கும் அளவல்ல. அப்படியானால் இறைச்சியையும் எலும்பையும் நிறுத்தால் உச்சவரம்பு தெரிந்துவிடும்.

ஒரு பானையை எடுத்துக்கொள்வோம். எலும்போடு அரைக் கிலோ கோழி, இரண்டு லீற்றர் தண்ணீர். கொதித்து வற்றி இறுதியில் 1.6 லீற்றர் சூப் கிடைக்கிறது. 200 மில்லிலீற்றர் கோப்பையில் ஊற்றினால் எட்டுக் கோப்பை. பச்சைக் கோழி இறைச்சியில் 100 கிராமுக்குச் சுமார் 20 கிராம் புரதம் உண்டு. எலும்புக்கும் அதே கணக்கைத் தாராளமாகப் போடுவோம். அப்போது 500 கிராமில் மொத்தம் 100 கிராம் புரதம். எட்டால் வகுத்தால் ஒரு கோப்பைக்கு 12.5 கிராம்.

இந்த 12.5 கிராமும் எப்போது கிடைக்கும்? இறைச்சி முழுவதையும், எலும்பையும் அரைத்துக் கரைத்துக் குடித்தால் மட்டும். விளம்பரம் சொல்வதோ 25 கிராம். எட்டுக் கோப்பைக்கு 200 கிராம் புரதம் வேண்டும். அதற்கு ஒரு கிலோ கோழியை எலும்போடு விழுங்க வேண்டும். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இரண்டே இரண்டு: "எத்தனை கிலோ போட்டீர்கள்? எத்தனை கோப்பை வந்தது?" இதற்கு பதில் சொல்லாமல் கிராம் கணக்கு மட்டும் சொன்னால், அந்தக் கிராமை நம்ப வேண்டியதில்லை.

இது உச்சவரம்பு மட்டும்தான். உண்மையில் வடித்த சாற்றுக்குள் இறங்குவது அதைவிட மிகக் குறைவு. காரணம், சூடு பட்டதும் இறைச்சிப் புரதத்தின் பெரும்பகுதி உறைந்து இறுகிவிடுகிறது. முட்டை வெள்ளைக்கரு வெந்நீரில் கரையாமல் வெள்ளையாகக் கட்டியாவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான் கோழித் துண்டுக்குள்ளும் நடக்கிறது. சாற்றில் இறங்கிய கொஞ்சமும் நுரையாகத் திரண்டு மேலே வரும், அதை நாம் அகப்பையால் எடுத்து வீசிவிடுகிறோம். கடைசிவரை சாற்றில் தங்குவது பெரும்பாலும் தோல், மூட்டு, நரம்பு, எலும்பிலிருந்து கரைந்து வரும் ஜெலட்டின்தான். மேலே சொன்ன பானையில், வடித்த சாறு ஒரு கோப்பையில் 2 அல்லது 3 கிராம் எதிர்பார்க்கலாம். கோழி நிறையப் போட்டு எடுத்த கெட்டியான சாற்றுக்கே அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் உணவுத் தரவுகள் 240 மில்லிலீற்றர் கோப்பைக்கு ஏறக்குறைய 6 கிராம்தான் காட்டுகின்றன.

மாட்டெலும்பு சூப்பும் இப்படித்தான். ஒரு கிலோ எலும்பை மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து இரண்டு லீற்றராக வற்றவைத்தால் பத்துக் கோப்பை. எலும்பின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு புரதம் என்று வைத்தாலும் மொத்தம் 200 கிராம்தான், கோப்பைக்கு 20. ஆனால் அந்த 20 கிராம் வர வேண்டுமானால் எலும்பிலுள்ள புரதம் அத்தனையும் வெளியேறியிருக்க வேண்டும். அப்படி வெளியேறினால் மிஞ்சுவது சுண்ணக்கட்டி போல நொறுங்கும். உங்கள் பானையில் கிடக்கும் எலும்பைக் கையால் அழுத்திப் பாருங்கள். இன்னும் கல்லாக இருந்தால், புரதத்தில் பெரும்பகுதி அதற்குள்ளேயேதான் இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடிய இன்னொரு பரிசோதனையும் உண்டு. சூப்பை வடித்து, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, ஒரு இரவு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கடற்பாசி போல ஆடி நின்றால், 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் அளவு ஜெலட்டின் இருக்கிறது என்று தோராயமாகக் கொள்ளலாம். அதாவது 200 மில்லிலீற்றர் கோப்பைக்கு 4 கிராம். தண்ணீராகவே இருந்தால் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. ஆனால் இதில் இரண்டு இடத்தில் ஏமாறலாம். மிக நீண்ட நேரம் கொதித்தால் ஜெலட்டின் சிதைந்து, புரதம் இருந்தும் உறையாமல் போகலாம். சோளமாவு போட்ட சூப் கெட்டியாக இருக்கும், அந்தக் கெட்டிக்கும் புரதத்துக்கும் சம்பந்தமில்லை.

அந்த 4 கிராமும் முட்டையின் 4 கிராமுக்குச் சமமல்ல. உடம்பால் தானே உண்டாக்க முடியாத அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோபான் ஜெலட்டினில் இல்லை. தசை கட்டவும் புண் ஆறவும் எலும்புச் சாற்றை மட்டும் நம்ப முடியாது.

கோப்பைக்கு 10 கிராம் என்று எழுதிய பொதி எல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. நிறைய எலும்பு போட்டுக் கொஞ்சமாக வற்றவைத்தாலோ, கொலாஜன் தூள் கலந்தாலோ அது வரலாம். தூளாக விற்பதில் மட்டும் கவனம்: லேபிளில் 100 கிராம் தூளுக்கு என்று போட்டிருப்பார்கள், நாம் ஒரு கோப்பைக்குப் போடுவதோ ஒரு தேக்கரண்டி.

இவ்வளவும் ஏன் எழுதுகிறேன்? "சத்தெல்லாம் சூப்பில இறங்கிட்டு, இனி அது சக்கைதானே" என்று சொல்லி, நோயாளிக்கு வடித்த சாற்றைக் கொடுத்துவிட்டு இறைச்சியைப் பூனைக்குப் போடும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. 50 கிலோ எடையுள்ள ஒரு பெரியவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 40 கிராம் புரதம் தேவை. நான்கு கோப்பை வடித்த சாறு கொடுத்தாலும் 10, 12 கிராமோடு நின்றுவிடும். பசி அடங்கியதுபோல் இருக்கும், கை கால் மெலிந்துகொண்டே போகும். அன்போடு ஊட்டிக்கொண்டே பட்டினி போடுகிறோம்.

செய்ய வேண்டியது லேசானது. அந்தச் சக்கையைத்தான் கொடுக்க வேண்டும். வெந்த கோழி இறைச்சி 60 கிராமில் ஏறக்குறைய 16 கிராம் புரதம் இருக்கிறது. மெல்ல முடியாதவருக்கு இறைச்சியை நூல் நூலாகப் பிய்த்தோ, சாற்றோடு சேர்த்து அரைத்தோ கொடுங்கள். ஒரு முட்டையை அடித்து ஊற்றினால் இன்னும் 6 கிராம். சிறுநீரக நோயாளிகளுக்குப் புரதத்தின் அளவும் உப்பின் அளவும் வேறு, அதை அவர்களின் டொக்டரிடம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சூப்பை விடச் சொல்லவில்லை. காய்ச்சலில் வாய்க்கு ருசி, தொண்டைக்கு இதம், உடம்புக்குத் தண்ணீர், எல்லாம் அதில் உண்டு. புரதம் மட்டும் அகப்பையில் வரும் துண்டில் இருக்கிறது. அடுத்த முறை சட்டியை இறக்கும்போது, துண்டுகள் யாருடைய கோப்பைக்குப் போகின்றன என்று பாருங்கள்.