மருந்தடித்தவரின் கண்மணியைப் பாருங்கள்

தோட்டத்தில் பேர் கிடைக்காத நாட்களில் நம்மவர்கள் பலர் மரக்கறித் தோட்டங்களுக்குக் கைக்காசு வேலைக்குப் போகிறார்கள். கிழங்குக்கும் கோவாவுக்கும் பூச்சி மருந்து அடிப்பதும் அதில் ஒரு வேலை. பகல் முழுவதும் டேங்கைச் சுமந்தவர் மாலையில் தலைசுற்றி வாந்தி எடுத்தால், "வெயில் பட்டிருக்கும், தேசிக்காய்த் தண்ணி குடுத்துப் படுக்க வை" என்பதுதான் லயத்தில் எழும் முதல் பேச்சு. அந்தப் பேச்சு ஆளைக் கொன்றுவிடும்.

நரம்பு ஒரு தசையை அசைக்கும்போது அசிட்டைல்கோலின் என்ற இரசாயனத்தைக் கொஞ்சம் விடுகிறது. வேலை முடிந்ததும் ஒரு நொதியம் அதை உடனே உடைத்துவிடும். ஓர்கனோபொஸ்பரஸ் வகைப் பூச்சி மருந்து இந்த நொதியத்தைப் பிடித்துப் பூட்டிவிடுகிறது. உடைக்க ஆளில்லாமல் அசிட்டைல்கோலின் தேங்கிப்போகிறது. "சுருங்கு" என்ற கட்டளை நிற்பதே இல்லை. அதனால்தான் தோலுக்கடியில் புழு நெளிவதுபோலத் தசை துடிக்கிறது. கண்மணி ஊசிமுனையளவு சுருங்கி, மங்கல் வெளிச்சத்திலும் விரியாமல் நிற்கிறது. வெறும் வெயில் மயக்கத்தில் கண்மணி இப்படி ஆகாது. வியர்வையும் எச்சிலும் கொட்டும். சுவாசக்குழாய்க்குள்ளும் அதே நீர் ஊறி நிறையும். ஓயாமல் துடித்த தசை கடைசியில் சோர்ந்து செயலிழக்கும். மூச்சை இழுக்கும் தசையும் அதில் ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் அற்றோபின் ஊசி போடுவார்கள். மார்பு காய்ந்து மூச்சு தெளியும்வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கிக்கொண்டே போவார்கள். ஆனால் அற்றோபின் நீரைத்தான் வற்றவைக்கும், செயலிழந்த தசையை எழுப்பாது. அதற்குச் சுவாச இயந்திரம் வேண்டும். தோட்ட டிஸ்பென்சரியில் வைத்துப் பார்ப்போம் என்பதை நாம் ஏற்கக்கூடாது என்று சொல்வது இதனால்தான். லொறி வரும்வரை காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள். அதற்குள் சட்டையைக் கழற்றி, சவர்க்காரம் போட்டு உடம்பைக் கழுவி, இடப்பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். விரல்விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்துப் போத்தலைக் கையோடு கொண்டுபோங்கள். தேயிலைக்கு அடிக்கும் புல் மருந்து இந்த வகையல்ல, அதற்கு வைத்தியமும் வேறு. லேபிளைப் பார்த்தால் டொக்டருக்கு நேரம் மிச்சம்.

இன்னொன்று. முதல் நாள் தெளிந்து எழுந்து உட்கார்ந்தவருக்கு ஒன்றிலிருந்து நான்கு நாட்களுக்குள் திடீரெனக் கழுத்துத் தளர்ந்து மூச்சு நின்றுபோவதுண்டு. இதை 1987இல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர்கள் நம் நாட்டு வைத்தியர்களான சேனாநாயக்கவும் கரல்லியத்தவும்தான். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை என்றால் அதுதான் முதல் அடையாளம். சம்பளம் போகிறதே என்று இரண்டாம் நாளே துண்டு வெட்டிக்கொண்டு வரும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்த நான்கு நாள் சம்பளத்தை வேலைக்குக் கூப்பிட்ட முதலாளிதான் கொடுக்கவேண்டும். டேங்கைத் தோளில் ஏற்றுமுன்பே அதைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள், போத்தலின் லேபிளையும் காட்டச் சொல்லுங்கள்.