பட்டியலிடப்படாத பங்கு: விலைக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனங்களின் பங்குகளை வாங்குவதற்காகப் பணம் அனுப்ப, வாடிக்கையாளர்கள் பலர் எங்கள் கிளைகளுக்கு வருகின்றனர். ஓய்வுக்காலப் பணப்பலன்களை அண்மையில் பெற்றவர்களும் அவர்களுள் உண்டு. ஆர்.டி.ஜி.எஸ். படிவத்தை நீட்டியபடியே, ‘இந்த விலை நியாயமானதுதானா?’ என்று அவர்கள் கேட்பது வழக்கம். விலையைப் பற்றிக் கருத்துரைப்பது எங்கள் பணியன்று. ஆயினும், விலைக்கு முன்பாகவே கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை என்பதை நாங்கள் காண்கிறோம். விற்கப்படும் அந்தப் பங்கு இன்று யார் பெயரில் இருக்கிறது என்பதே அக்கேள்வி.

பட்டியலிடப்பட்ட பங்கை வாங்குவோருக்கு இக்கவலை இல்லை. சந்தையின் தீர்வகம் இரு தரப்புக்கும் நடுவே நின்று, பணமும் பங்கும் உரியவரைச் சேரும் பொறுப்பை ஏற்கிறது. பட்டியலிடப்படாத பங்குக்கு அத்தகைய நடுவர் எவருமில்லை. இடைத்தரகர் ஒருவர் தம் இணையதளத்திலோ வாட்ஸ்அப் குழுவிலோ ஒரு விலையை அறிவிக்கிறார். வாங்குபவர் முழுத் தொகையையும் முதலில் அனுப்புகிறார். அதன் பின்னரே விற்பவர் தம் டீமேட் கணக்கிலிருந்து, சந்தைக்கு வெளியே நிகழும் மாற்றமாக, பங்குகளை வாங்குபவரின் கணக்குக்கு மாற்றுகிறார். நூற்றுக்கு 0.015 என்ற விகிதத்தில், அதாவது இலட்ச ரூபாய்க்கு 15 ரூபாய், முத்திரைத் தீர்வை செலுத்தப்படுகிறது. நடைமுறை இவ்வளவே. பொது நிறுவனங்களின் பட்டியலிடப்படாத பங்குகளை வாங்கி விற்க வழிசெய்யும் இணையத் தளங்கள் தன் அங்கீகாரம் பெற்றவை அல்ல என்று ‘செபி’ 2024 டிசம்பரில் பொதுமக்களை எச்சரித்தது. தகராறு மூளுமாயின், அங்கீகரிக்கப்பட்ட சந்தையில் கிடைக்கும் முதலீட்டாளர் பாதுகாப்பு இங்கே கிடைக்காது.

பங்குகள் யார் யாரிடம் உள்ளன என்று அறிவது மோசடியைத் தவிர்ப்பதற்கு மட்டும் பயன்படுவதன்று. சொல்லப்படும் விலை எந்த அளவுக்கு ‘சந்தை விலை’ என்பதையும் அதுவே காட்டும். எச்.டி.பி. பைனான்சியல் சர்வீசஸ் நிறுவனத்தின் பங்கு 2025-இல் பொது வெளியீட்டுக்கு வருமுன் புறச்சந்தையில் 1,200 ரூபாய்க்கு மேல் கைமாறிக்கொண்டிருந்தது. அவ்வாண்டு ஜூன் மாதம் நிறுவனம் அறிவித்த வெளியீட்டு விலையோ 700 முதல் 740 ரூபாய் வரை. அதன் பங்குகளில் சுமார் 94 விழுக்காடு தாய் வங்கியான எச்.டி.எஃப்.சி. வங்கியிடமே இருந்தது. எஞ்சிய சிறு பகுதிக்குள், அதிலும் விற்க முன்வந்த சிலரிடையே, உருவான விலையைத்தான் பலர் அந்நிறுவனத்தின் மதிப்பு என்று எண்ணினர். வெளியீட்டுக்கு முன் புறச்சந்தையில் வாங்கியவர்கள், ஒதுக்கீட்டு நாளிலிருந்து ஆறு மாதங்களுக்கு விற்கவும் இயலாது என்பது செபியின் விதி. நிறுவனத்தின் மீது இதில் குறை ஏதுமில்லை. பங்குதாரர் விவரம் அனைவரும் காணும்படியே இருந்தது, பார்த்தவர்கள் குறைவு.

இனி, சரிபார்க்கும் முறைக்கு வருவோம். பட்டியலிடப்படாத பொது நிறுவனங்கள் 2018 அக்டோபர் 2 முதல் தம் பங்குகளை டீமேட் வடிவில் மட்டுமே வெளியிடவும் மாற்றவும் வேண்டும். எனவே இவ்வகைப் பங்கை விற்பவரிடம் ‘கிளையண்ட் மாஸ்டர்’ அறிக்கையைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். டீமேட் கணக்கின் உரிமையாளர் பெயரும், அதனோடு இணைக்கப்பட்ட வங்கிக் கணக்கின் எண்ணும் அதில் இருக்கும். அந்த வங்கிக் கணக்குக்கு மட்டுமே பணம் செல்ல வேண்டும். ‘பங்கு ஒருவர் கணக்கிலிருந்து வரும், பணத்தை வேறொருவர் கணக்குக்கு அனுப்புங்கள்’ என்று கூறப்பட்டால் அங்கேயே நிறுத்திவிடுவது நலம். ஆர்.டி.ஜி.எஸ். முறையில் பணம் கணக்கு எண்ணைக் கொண்டே வரவு வைக்கப்படுகிறது. படிவத்தில் எழுதிய பெயர் ஒப்பிடப்படுவதில்லை. இதனை அறியாத வாடிக்கையாளர்கள் இன்றும் உள்ளனர். பணம் அனுப்புமுன் அக்கணக்கு யார் பெயரில் உள்ளது என்று பார்த்துக்கொள்ளும் வசதியை ரிசர்வ் வங்கியின் ஆணைப்படி வங்கிகள் இப்போது வழங்குகின்றன. கட்டணமில்லாத இவ்வசதியைப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். விற்பவர் அனுப்பும் இருப்பு அறிக்கையின் நகலை மட்டும் நம்பலாகாது. பங்குகள் அடகில் உள்ளனவா, விற்கத் தடையுள்ள காலத்தில் உள்ளனவா என்பதையும், அவர் தம் கணக்கைத் திறந்து காட்டும்போது பார்த்துவிட வேண்டும்.

டீமேட் வந்துவிட்டதால் இனி சிக்கலே இல்லை என்று கூறுவோரும் உண்டு. ‘பிரைவேட் லிமிடெட்’ எனப்படும் தனியார் நிறுவனங்களைப் பொறுத்தவரை இக்கருத்தை நாங்கள் ஏற்பதற்கில்லை. சிறு நிறுவனங்கள் நீங்கலாக மற்றத் தனியார் நிறுவனங்களும் 2025 ஜூன் 30-க்குள் டீமேட் முறைக்கு மாற வேண்டும் என்பது விதி. சிறு நிறுவனங்களிலோ காகிதச் சான்றிதழே இன்னமும் வழங்குகிறது. காகிதச் சான்றிதழைக் காட்டுபவர் உரிமையாளர் என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. நிறுவனத்தின் உறுப்பினர் பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே பங்குதாரர்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு சிறு தனியார் நிறுவனத்தின் செலுத்தப்பட்ட மூலதனம் 1 கோடி ரூபாய். முகமதிப்பு 10 ரூபாய் கொண்ட 10 இலட்சம் பங்குகள். ஒருவர் 20,000 பங்குகளுக்கான சான்றிதழின் நகலைக் காட்டி, ‘நிறுவனத்தில் 2 விழுக்காடு, பங்குக்கு 100 ரூபாய் வீதம் 20 இலட்சம்’ என்கிறார். கம்பெனி விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில் View Public Documents என்ற பகுதியில், நிறுவனம் ஒன்றுக்கு 100 ரூபாய் கட்டி அதன் ஆவணங்களைப் பார்க்கலாம். அங்கே MGT-7 அல்லது, சிறு நிறுவனமாயின், MGT-7A என்ற ஆண்டு விவரப் படிவத்துடன் பங்குதாரர் பட்டியல் இணைக்கப்பட்டிருக்கும். 2024 மார்ச் 31-ஆம் நாள் பட்டியலில் விற்பவர் பெயரில் 20,000 பங்குகள் உள்ளன. 2025 மார்ச் 31-ஆம் நாள் பட்டியலிலோ 12,000 மட்டுமே. இடைப்பட்ட ஆண்டில் 8,000 பங்குகளை அவர் வேறொருவருக்கு மாற்றிவிட்டிருக்கிறார். காட்டப்பட்ட நகல் பழைய சான்றிதழினுடையது.

இத்துடன் நின்றுவிடக் கூடாது. புதிய பங்குகள் ஒதுக்கப்படும்போது தாக்கல் செய்யப்படும் PAS-3 படிவத்தையும் அதே நூறு ரூபாயில் காணலாம். 2025 ஜூனில் 2,50,000 புதிய பங்குகள், ஒன்று 60 ரூபாய் வீதம், ஒதுக்கப்பட்டதாக அது கூறுகிறது என்று கொள்வோம். மொத்தப் பங்குகள் 12,50,000 ஆகிவிட்டன. எனவே எஞ்சிய 12,000 பங்குகள் 2 விழுக்காடு அல்ல, ஒரு விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. நிறுவனமே 60 ரூபாய்க்குத் தந்த பங்கை இவர் 100 ரூபாய்க்கு விற்க முன்வருகிறார் என்பதும் தெரிந்துவிடுகிறது. இரண்டு படிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு அரை மணி நேரம் போதும்.

இப்பட்டியலுக்கு ஒரு குறை உண்டு, அது பழையது. மார்ச் 31-ஆம் நாள் நிலவரம், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாட்களுக்குள் தாக்கலாகிறது. கூட்டம் செப்டம்பர் இறுதியில் நடந்தால் நவம்பர் இறுதிவரை அவகாசம் இருக்கிறது. ஆகவே நவம்பர் மாதத்தில் பார்ப்பவருக்குக் கிடைப்பது இருபது மாதம் முந்தைய பட்டியலாகவும் இருக்கலாம். இந்த இடைவெளியை நிரப்ப உறுப்பினர் பதிவேட்டையே பார்க்க வேண்டும். கம்பெனிகள் சட்டத்தின் 94-ஆம் பிரிவின்படி, உறுப்பினர் அல்லாத எவரும் 50 ரூபாய்க்கு மேற்படாத கட்டணம் செலுத்திப் பதிவேட்டைப் பார்வையிடலாம். முகவரி, பான் எண் முதலியன காட்டப்பட மாட்டா. பெயரும் பங்கு எண்ணிக்கையும் போதுமே. நடைமுறையில் சிறு நிறுவனங்கள் வெளியாளைக் கண்டால் தயங்குகின்றன. மறுப்பது நாளொன்றுக்கு 1,000 ரூபாய் தண்டத்துக்குரியது என்றாலும், பங்கு வாங்குமுன்பே நிறுவனத்தோடு வழக்காடுவார் எவருமிலர். விற்பவரோ உறுப்பினர், அவர் கட்டணமின்றிப் பார்க்கலாம், நகலும் கேட்டுப் பெறலாம். நகலைத் தரும் பொறுப்பை அவரிடமே விடுவது எளிது. அதற்கும் அவர் மழுப்பினால் காரணத்தை ஊகிப்பது கடினமன்று.

பட்டியலில் தனிமனிதருக்குப் பதிலாக வேறொரு நிறுவனத்தின் பெயர் பெரும்பங்குக்கு எதிரே காணப்பட்டால், பின்னே இருப்பவர் யார் என்பதை BEN-2 என்ற படிவத்தில் தேடலாம். 10 விழுக்காடோ அதற்கு மேலோ மறைமுகப் பயன் பெறுபவரின் விவரம் அதில் இருக்க வேண்டும்.

விற்பவர் உண்மையான உரிமையாளர் என்று உறுதியான பின்னரும், தனியார் நிறுவனத்தில் ஒரு தடை எஞ்சுகிறது. பங்கு மாற்றத்தைக் கட்டுப்படுத்துவதே தனியார் நிறுவனத்தின் இலக்கணம். வெளியாருக்கு விற்குமுன் மற்றப் பங்குதாரர்களுக்கு முதலில் தர முன்வர வேண்டும் என்ற நிபந்தனை, அதன் ‘ஆர்ட்டிகிள்ஸ்’ எனப்படும் நடைமுறை விதிகளில் பெரும்பாலும் இருக்கும். அவ்விதிகளும் அதே தளத்தில் கிடைக்கின்றன. அவற்றை மீறிய மாற்றத்தை இயக்குநர் குழு மறுக்கலாம்; மறுப்பைக் காரணத்துடன் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் கடமை. வாங்கியவர் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். அதுவரை பணம் விற்றவரிடம் இருக்கும், பங்கும் அவர் பெயரிலேயே இருக்கும். ஆதலால் இயக்குநர் குழுவின் ஒப்புதல் தீர்மானம் எழுத்தில் கைக்கு வருமுன், முன்பணம் தவிர வேறெதையும் கொடுக்கலாகாது என்பதே எங்கள் கருத்து. எஸ்.எச்.4 என்ற மாற்றுப் படிவத்தில் இருவரும் கையொப்பமிட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள் அது நிறுவனத்தைச் சேர வேண்டும். சேர்ந்த ஒரு மாதத்துக்குள் நிறுவனம் சான்றிதழைத் தர வேண்டும். மீதித் தொகையை அந்நாளுக்கு ஒத்திவைக்க விற்பவர் இசையவில்லையெனில், வாங்குபவரும் இசைய வேண்டியதில்லை.

தனியார் நிறுவனங்களில் நடைபெறும் ஒவ்வொரு பங்கு மாற்றத்தையும், ஆண்டு இறுதிவரை காத்திராமல், முப்பது நாட்களுக்குள் பதிவாளரிடம் தெரிவிக்கும் ஏற்பாடு ஒன்றை அமைச்சகம் கொணர வேண்டும். புதிய ஒதுக்கீட்டுக்கு இவ்வகைக் கெடு இருக்கும்போது, கைமாற்றத்துக்கு மட்டும் ஏன் இல்லை என்பது எங்களுக்கு விளங்கவில்லை. அத்தகைய ஏற்பாடு வரும்வரை, இருபது மாதம் பழைய பட்டியலையும் விற்பவர் கொணரும் பதிவேட்டு நகலையும் வாங்குபவரேதான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.