எடைமேடைச் சான்றும் அதன் தமிழும்

மக்காச்சோளம் விளையும் பகுதியொன்றில் உள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில், எடைமேடைக்கு வழங்கப்பட்ட சான்றைத் தமிழில் எழுதி அலுவலக முகப்பில் மாட்ட வேண்டும் என்று விவசாயிகள் சங்கத் தோழர்கள் கோரிக்கை வைத்தனர். அலுவலகம் மறுக்கவில்லை. தமிழ்நாட்டின் ஆட்சிமொழிச் சட்டம் 1956ஆம் ஆண்டிலேயே நிறைவேறிவிட்டதால், மறுப்பதற்குக் காரணமும் இல்லை. ஆங்கிலச் சான்றின் நகலையும், ஊழியர் ஒருவர் தயாரித்த தமிழ் வரைவையும் சங்கத்திடம் கொடுத்து, “பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்கள். அந்த வரைவைத் திருத்தும் பணியில் நானும் உடனிருந்தேன். இதை வெறும் மொழிபெயர்ப்பு வேலை என்று கருதித்தான் உட்கார்ந்தோம். எழுந்திருக்கும்போது அந்த எண்ணம் இல்லை.

வரைவின் தலைப்பு ‘அளவுத்திருத்தச் சான்றிதழ்’ என்றிருந்தது. கேலிப்ரேஷன் என்பதற்குத் தமிழில் பலரும் எழுதும் சொல் அதுதான். ஆனால் சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. கேலிப்ரேஷன் என்றால் திருத்துவது அல்ல. எடை உறுதியாகத் தெரிந்த படிக்கற்களை மேடையில் ஏற்றி, கருவி என்ன காட்டுகிறது என்று குறித்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிக்கையாகத் தருவது மட்டுமே அதன் பொருள். பத்து டன் வைத்தால் ஒன்பது டன் காட்டும் கருவிக்கும் கேலிப்ரேஷன் சான்று கிடைக்கும். ஒரு டன் குறைகிறது என்று அதில் எழுதியிருக்கும், அவ்வளவுதான். கருவியைச் சரிசெய்வது தனி வேலை. ஆனால் ‘அளவுத்திருத்தம் செய்யப்பட்டது’ என்று தமிழில் படிக்கும் விவசாயி என்ன நினைப்பார்? குறை இருந்தது, நீக்கிவிட்டார்கள், இப்போது சரியாக இருக்கிறது என்றுதானே? சொல்லில் இருக்கும் ‘திருத்தம்’ சான்றில் இல்லாத ஓர் உறுதிமொழியை வழங்கிவிடுகிறது. எனவே தலைப்பை ‘எடை ஒப்பாய்வுச் சான்று’ என்று மாற்றினோம். இதைவிட நல்ல சொல் தோழர்களுக்குத் தோன்றினால் அதையே வைக்கலாம். ‘திருத்தம்’ மட்டும் அதில் இருக்கக் கூடாது என்பதே எனது கருத்து.

அடுத்தது அட்டவணை. இங்கேதான் பணம் இருக்கிறது.

மேடையின் உச்ச எடைத்திறன் 50 டன். (வரைவில் இது ‘கொள்ளளவு’ ஆகியிருந்தது, மேடை என்ன தண்ணீர்த் தொட்டியா?) திரையில் எண் பத்துப் பத்துக் கிலோவாக மாறும். இத்தகைய மூன்றாம் வகைத் துல்லியக் கருவிக்கு, முத்திரையிடும் நேரத்தில் 5 டன் வரை 5 கிலோவும், அதற்கு மேல் 20 டன் வரை 10 கிலோவும், அதையும் தாண்டினால் 15 கிலோவும் கூடவோ குறையவோ அனுமதி உண்டு. பயன்பாட்டில் இருக்கும்போது செய்யும் சோதனையில் அதைப்போல் இரு மடங்கு வரை பொறுத்துக்கொள்வார்கள்.

சான்றில் இரண்டு அட்டவணைகள் இருந்தன. ஒன்று ‘அஸ் ஃபவுண்ட்’, மற்றது ‘அஸ் லெஃப்ட்’. சோதிக்க வந்தபோது கருவி இருந்த நிலை முதலாவது. சரிசெய்து விட்டுச் சென்ற நிலை இரண்டாவது. முதல் அட்டவணையில் 10,000 கிலோ ஏற்றியபோது மேடை 9,970 காட்டியிருக்கிறது. ‘எர்ரர்’ என்ற பத்தியில் கழித்தல் 30. இரண்டாவது அட்டவணையில் அதே 10,000க்கு 10,000. தமிழ் வரைவில் இருந்தது இரண்டாவது அட்டவணை மட்டும். முதலாவது எங்கே என்று கேட்டதற்கு, “அது பழைய கணக்கு, இப்போதுதான் சரியாகிவிட்டதே” என்றார் ஊழியர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் விவசாயிக்கு வேண்டியதே அந்தப் பழைய கணக்குதான்.

கணக்கிட்டுப் பார்ப்போம். டிராக்டரும் டிரெய்லருமாகச் சோளத்தோடு வந்த வண்டியின் உண்மை எடை 10,000 கிலோ, காலி வண்டி 4,000, சோளம் 6,000 என்று வைத்துக்கொள்வோம். மேடை 9,970 காட்டும். குறைவு எடைக்கு ஏற்ற விகிதத்தில் இருந்தால், காலி வண்டிக்கு 12 கிலோ குறைந்து, பத்தின் மடங்கில் 3,990 என்று திரை காட்டும். கழித்தால் சோளம் 5,980 கிலோ. ஒரு நடைக்கு 20 கிலோ போயிற்று. 2025-26ஆம் ஆண்டுக்கு மக்காச்சோளத்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அந்த விலையே கிடைத்ததாகக் கொண்டாலும் நடைக்கு 480 ரூபாய் இழப்பு. எவரும் யாருடைய பையிலும் கைவிடவில்லை, கட்டை விரலால் தராசை அழுத்தவும் இல்லை.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்தக் குறைவு எந்த நாளில் தொடங்கியது என்று சான்று சொல்லாது. சென்ற ஆண்டுச் சான்றில் பிழை அனுமதிக்குள் இருந்து, இந்த ஆண்டு கழித்தல் 30 என்றால், இடைப்பட்ட ஏதோ ஒரு காலத்தில் அது வந்திருக்கிறது. ஆகவே ஓராண்டு முழுவதற்கும் இழப்பீடு கேட்டு மனு எழுதுவது நிற்காது. ஆனால் இரண்டு ஆண்டுகளின் முதல் அட்டவணையும் சுவரில் அருகருகே இருந்தால், மேடை எந்தப் பக்கம் சரிகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஓராண்டு காத்திராமல் ஆறு மாதத்தில் மறுசோதனை கேட்கலாம். அந்தக் கேள்விக்கான அடிப்படையைத்தான் வரைவு அழித்திருந்தது.

அந்த ‘எர்ரர்’ பத்தியின் தலைப்பையும் பார்க்க வேண்டும். வரைவில் அது ‘திருத்தம்’ என்று மாறியிருந்தது. பிழையும் திருத்தமும் ஒரே எண்தான், ஆனால் குறி நேர்மாறானது. பிழை என்பது கருவி காட்டியதிலிருந்து உண்மை எடையைக் கழித்தால் கிடைப்பது. இங்கே அது கழித்தல் 30. திருத்தம் என்பது காட்டிய எண்ணோடு நாம் சேர்க்க வேண்டியது. அது கூட்டல் 30. ‘திருத்தம்: –30’ என்று சுவரில் எழுதி வைத்தால், அதை நம்பும் எழுத்தர் 9,970 என்று வந்த வண்டிக்கு இன்னும் 30 கழித்து 9,940 போடுவார். குறைந்ததை ஈடு செய்வதற்குப் பதில் இழப்பை இரட்டிப்பாக்கும் இந்த வேலையை ஒற்றைச் சொல் செய்துவிடும். ‘பிழை (காட்டியது கழித்தல் உண்மை எடை)’ என்று எழுதி, அருகிலேயே ‘மேடை குறைத்துக் காட்டியது’ என்று ஒரு பத்தியும் சேர்த்தோம். ஆங்கிலச் சான்றில் அப்படியொரு பத்தி கிடையாது. மொழிபெயர்ப்பில் கூடுதலாக எழுதலாமா என்று ஒரு தோழர் தயங்கினார். படிப்பவருக்குக் கழித்தல் குறியின் பொருள் தெரியாவிட்டால், அது மொழிபெயர்க்கப்படவே இல்லை என்றுதான் நான் வாதிட்டேன்.

அதே வரிசையின் கடைசியில் ‘நிச்சயமின்மை 8 கிலோ’ என்று இருந்தது. இச்சொல்லைப் பிடித்துக்கொண்டு, சோதனையே நிச்சயமில்லாதது என்று சொல்ல வாய்ப்புண்டு. அதன் உண்மைப் பொருள் வேறு. சோதனை முறைக்கே உள்ள எல்லையைக் கணக்கில் எடுத்தால், மேடை 22 முதல் 38 கிலோ வரை ஏதோ ஓர் அளவு குறைத்துக் காட்டுகிறது என்று நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நம்பிக்கையோடு சொல்லலாம் என்பதே அது. மிகக் குறைந்த எண்ணான 22கூட, பயன்பாட்டில் அனுமதிக்கப்பட்ட 20ஐத் தாண்டுகிறது. ‘நிச்சயமின்மை’க்குக் கீழே இந்த விளக்கத்தை ஒரு வரியில் எழுதச் சொன்னோம்.

நகலோடு இன்னொரு தாளும் பின்னடிக்கப்பட்டிருந்தது. அது லோடு செல்லின் சான்று. மேடைக்கு அடியில், சுமையைத் தாங்கி, அதன் அழுத்தத்தை மில்லிவோல்ட் அளவிலான மின் சமிக்ஞையாக மாற்றும் உருக்குத் துண்டுதான் லோடு செல். இம்மேடையில் அவை ஆறு உள்ளன. இந்தத் தாளில் எண்கள் மிக அழகாக இருந்தன, பிழை ஏறக்குறைய இல்லை. ஏனென்றால் அது ஒரு செல்லை மட்டும், ஆய்வகத்தில், இயந்திரத்தில் வைத்து அழுத்திப் பார்த்த முடிவு. மழையில் ஈரம் புகுந்த இணைப்புப் பெட்டியோ, மேடைக்கும் சுவருக்கும் இடையில் சேர்ந்த மண்ணோ, ஒரு பக்கம் இறங்கிய அடித்தளமோ அந்த ஆய்வகத்தில் இல்லை. வரைவில் இரண்டு தாள்களுக்கும் ‘எடைமேடைச் சான்று’ என்ற ஒரே தலைப்பு இருந்தது. லோடு செல் தாளுக்கு ‘உணரிச் சான்று – எடைமேடைக்குரியது அல்ல’ என்று தனித் தலைப்புக் கொடுத்தோம். அதன் வரிசை எண் மேடைக்கு அடியில் பொருத்தியிருக்கும் செல்லின் எண்ணோடு பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். செல்லை மாற்றுவது பழுதுபார்ப்பாகும். அதன் பின் மீண்டும் சரிபார்த்து முத்திரையிடாமல் அந்த மேடையில் எடை போடக் கூடாது.

முத்திரை என்று வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009இன் கீழ் எடைமேடையை ஆண்டுக்கொரு முறை சரிபார்த்து முத்திரையிட வேண்டியது அரசின் பொறுப்பு. தமிழ்நாட்டில் இது தொழிலாளர் துறையின் வேலை. தனியார் ஆய்வகத்தின் ஒப்பாய்வுச் சான்று, அதற்கு என்ஏபிஎல் அங்கீகாரம் இருந்தாலும், இந்த முத்திரைக்கு மாற்றாகாது. ஆய்வகத்துக்குக் கட்டணம் கொடுப்பவர் மேடையின் உரிமையாளர். எந்த அட்டவணை வேண்டும், எத்தனை டன் வரை சோதிக்க வேண்டும் என்று கேட்பவரும் அவரே. முத்திரையிட வரும் அலுவலர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். ஆட்கள் இல்லை என்று கூறி இந்தப் பொதுப் பணியைத் தனியாரிடம் நகர்த்தும் போக்கை நாம் எதிர்ப்பதற்கு, சுவரில் மாட்டிய ஒரு சான்றே போதிய காரணம் காட்டுகிறது.

சான்று வரும்வரை விவசாயி காத்திருக்க வேண்டியதுமில்லை. சுமை வண்டியை மேடையின் தொடக்கத்தில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை நிறுத்தி, மூன்று சீட்டு வாங்கட்டும். வண்டி முழுவதும் மேடைமேல் இருக்க வேண்டும், ஓட்டுநர் இறங்கினால் மூன்று முறையும் இறங்க வேண்டும். பத்து டன் வண்டிக்கு மூன்று சீட்டும் பத்து கிலோவுக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒரு முனையில் மட்டும் நாற்பது, ஐம்பது குறைந்தால் அந்த முனையின் செல்லிலோ அதன் அடியிலோ கோளாறு. மூன்றும் ஒத்துப்போனால் மேடை சரி என்று பொருளாகாது, எல்லா இடத்திலும் ஒரேபோல் குறைவதாகவும் இருக்கலாம். அதைச் சொல்லப் படிக்கற்கள்தான் வேண்டும்.

திருத்திய வரைவை அலுவலகம் பெற்றுக்கொண்டது. முதல் அட்டவணையை மாட்டுவதற்கு மேலிடத்தின் ஒப்புதல் வேண்டுமாம். இரண்டாவது அட்டவணை மறுநாளே சுவருக்கு வந்துவிட்டது. அதற்கு எவருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை.