பட்டன் போனா, பட்ஜெட் ஸ்மார்ட்போனா? வாய்ஸ் மெசேஜ் அனுப்புறவங்களுக்கு எது சரி?

சிவகங்கை பக்கம் கிராமத்தில் இருக்கும் என் அப்பத்தாவுக்கு போனில் இரண்டே வேலைதான். ஒன்று, பக்கத்து ஊரில் இருக்கும் அத்தையிடம் பேசுவது. இன்னொன்று, சிங்கப்பூரில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவது. "நான் கூப்பிடுற நேரத்துல அவன் வேலையில இருப்பான். பேசி அனுப்பிட்டா அவனுக்குத் தோதுப்பட்டப்ப கேட்டுக்கிறான்லய்யா" என்பார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் டைப் பண்ணும் பேச்சுக்கே இடமில்லை.

அவருடைய பழைய டச் போன் உடைந்தபோது, "இவங்களுக்கு எதுக்கு ஸ்மார்ட்போன், ஒரு பட்டன் போன் போதும்" என்று நானே முடிவு செய்தேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த 4ஜி பட்டன் போனில் இன்டர்நெட் இருந்தது, கேமரா இருந்தது. "வாட்ஸ்அப் எல்லாம் வரும் தம்பி" என்றார். வரவில்லை. அத்தையுடனான பேச்சு தொடர்ந்தது. சித்தப்பாவுக்குப் போகும் மெசேஜ்தான் மூன்று வாரம் நின்றுபோனது.

தப்பு என்னுடையதுதான். "போன் பேசவும் வாய்ஸ் மெசேஜ் அனுப்பவும் மட்டும்" என்பதை ஒரே வேலையாக நினைத்துவிட்டேன். உண்மையில் அவை இரண்டு வெவ்வேறு வேலைகள்.

பட்டன் போனில் வாட்ஸ்அப் என்ன ஆச்சு?

ஒரு காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. 2017-ல் வந்த ஜியோபோன், கெய்ஓஎஸ் என்ற இயங்குதளத்தில் ஓடியது. பட்டன் போன்தான், ஆனால் ஆப் போடலாம். அடுத்த ஆண்டே அதில் வாட்ஸ்அப் வந்தது, வாய்ஸ் மெசேஜும் அனுப்ப முடிந்தது. 'ஸ்மார்ட் ஃபீச்சர் போன்' என்ற பெயருக்கு அப்போது அர்த்தம் இருந்தது.

2024 ஜூனில் கெய்ஓஎஸ் ஆப் ஸ்டோரிலிருந்து வாட்ஸ்அப்பைப் புதிதாக இறக்கும் வசதி நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கும் 2025 தொடக்கம் வரைதான் என்று அறிவித்தார்கள். ஆனால் பழைய விளம்பரங்களும், ஆன்லைனில் கிடக்கும் பழைய ரிவ்யூக்களும் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றை நம்பி இன்று வாங்கினால் ஏமாற்றம்தான்.

மாற்று இல்லாமல் இல்லை. ஜியோபாரத் போன்ற 4ஜி பட்டன் போன்களில் ஜியோசாட் மாதிரி வேறு சாட் ஆப்கள் வருகின்றன. ஆனால், எதிர்முனையில் இருப்பவரும் அதே ஆப்பை வைத்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா, அவருடைய ரூம்மேட்ஸ், சொந்தக்காரர்கள் எல்லாரும் வாட்ஸ்அப்பில் இருக்கும்போது, அப்பத்தா ஒருவருக்காக யார் மாறுவார்கள்?

ஆகவே என் கருத்து இது: கால் மட்டும் என்றால் பட்டன் போன். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் வேண்டும் என்றால், அது வாரத்துக்கு ஒன்றாக இருந்தாலும், விலை குறைந்த ஸ்மார்ட்போன். நடுவில் ஒரு 'ஸ்மார்ட் பட்டன் போன்' தேடுவது காசையும் நேரத்தையும் வீணாக்கும்.

பட்டன் போன் ஜெயிக்கும் இடம்

கால் மட்டும் பேசுபவருக்கு ஸ்மார்ட்போன் வாங்கித் தராதீர்கள். பட்டன் போனில் சார்ஜ் பல நாள் நிற்கும். பட்டனைத் தடவிப் பார்த்தே அழுத்தலாம். கை தவறி விழுந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. ரீசார்ஜிலும் லாபம் உண்டு. கால், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பேக்குகளைத் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டதால், டேட்டாவுக்கும் சேர்த்துக் காசு கட்டத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் பாருங்கள்: பெட்டியில் 4ஜி வோல்டே என்று இருக்க வேண்டும். ஜியோவுக்கு 2ஜி நெட்வொர்க்கே கிடையாது. பழைய 2ஜி போனில் ஜியோ சிம் வேலை செய்யாது.

ஸ்மார்ட்போன் என்றால், கடையிலேயே ஒரு சோதனை

அப்பத்தாவுக்கு இரண்டாவதாக வாங்கிய போன் 7,000 ரூபாய்க்குள்தான். 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ். இந்த விலையில் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று பார்ப்பதை விட, காதருகே கொண்டுபோனால் திரை அணைகிறதா என்று பாருங்கள். அதற்கான சென்சார் சரியில்லாத போனில் பேசும்போதே கன்னம் பட்டு கால் கட்டாகும், மியூட் ஆகும். "லைன் சரியில்ல" என்று பெரியவர்கள் நெட்வொர்க்கைத் திட்டுவார்கள்.

கடையிலேயே சோதிக்கலாம். சிம்மைப் போட்டு ஒரு கால் செய்து காதில் வையுங்கள், திரை உடனே அணைய வேண்டும். வாட்ஸ்அப் போட்டதும் ஒரு வாய்ஸ் மெசேஜை ஓடவிட்டு காதுக்குக் கொண்டுபோங்கள். சத்தம் ஸ்பீக்கரிலிருந்து காதுப் பக்கத்துக்கு மாற வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து குடும்ப விஷயத்தை ஊருக்கே கேட்கும்படி வைக்கிறார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது

விலை குறைந்த போன் படுத்துவிடுவது பெரும்பாலும் ஸ்டோரேஜ் நிரம்பித்தான். வாய்ஸ் மெசேஜ் மிகச் சிறிய ஃபைல். இடத்தை அடைப்பது குரூப்பில் வரும் குட்மார்னிங் படங்களும் வீடியோக்களும். இடமில்லாவிட்டால் வாட்ஸ்அப் அப்டேட் ஆகாது. பழைய வெர்ஷன் ஒருநாள் காலாவதியாகி ஆப்பே திறக்காது.

அதனால் வாட்ஸ்அப்பில் Settings > Storage and data போய், Media auto-download பகுதியில் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். பயப்பட வேண்டாம், வாய்ஸ் மெசேஜ் மட்டும் எப்போதும் தானாகவே இறங்கிவிடும்.

அடுத்தது முகப்புத் திரை. சித்தப்பாவின் சாட்டைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளியில் More > Add shortcut கொடுத்தேன். அவர் படமே ஐகானாக முகப்பில் வந்துவிட்டது. கேம், ஷாப்பிங் ஐகான்களை எல்லாம் அங்கிருந்து நீக்கினேன். மைக்கை அழுத்திப் பிடித்தபடியே பேசுவது அப்பத்தாவுக்குச் சிரமம். விரல் விலகினால் பாதியிலேயே போய்விடும். மைக்கை அழுத்தி மேலே தள்ளிப் பூட்டுவதை இரண்டு நாள் பழக்கியதும் பிடித்துக்கொண்டார்.

எதிர்வாதத்திலும் நியாயம் இருக்கு

"ஸ்மார்ட்போன் கொடுத்தா மோசடிக்காரன் கூப்பிடுவானே?" என்று அப்பா கேட்டார். சரியான கேள்வி. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே ஃபைல் அனுப்பி ஏமாற்றுவதெல்லாம் பட்டன் போனில் நடக்காது.

முழுசாகத் தடுக்க முடியாது, குறைக்கலாம். வாட்ஸ்அப்பின் Privacy பகுதியில் Groups-ஐ My contacts என்று மாற்றினால் தெரியாதவர்கள் குரூப்பில் சேர்க்க முடியாது. அங்கேயே Calls-ல் Silence unknown callers-ஐ ஆன் செய்தால், தெரியாத எண்ணிலிருந்து வரும் வாட்ஸ்அப் கால் ஒலிக்காது. போன் செட்டிங்கில் Install unknown apps என்று தேடி, வாட்ஸ்அப்புக்கு அந்த அனுமதி இல்லை என்பதை உறுதி செய்யுங்கள். முக்கியமாக, அந்த போனில் பேங்க் ஆப், யுபிஐ எதுவும் வேண்டாம். பேங்கில் கொடுத்த நம்பரும் இந்த சிம்மாக இல்லாமல் இருந்தால் நல்லது. ஓடிபியே இந்த போனுக்கு வராது.

வாங்கும் முன் பெரியவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "யாருக்கு, எதில் பேசி அனுப்புறீங்க?" நான் அதைக் கேட்காமல் வாங்கியதால்தான் மூன்று வாரம் போனது. ஸ்மார்ட்போன் வந்த அன்று அப்பத்தா அனுப்பிய முதல் வாய்ஸ் மெசேஜ் நாலு நிமிஷம். அதில் பாதி, என்னைப் பற்றிய புகார்!