காற்புள்ளிக்கு அங்கே என்ன வேலை?

“நான் வரமாட்டேன்,” என்றான் அவன்.

இந்த வாக்கியத்தில் ஒரு குறி அதிகம். ‘வரமாட்டேன்’ முடிந்து மேற்கோள் மூடுவதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறதே, அந்தக் காற்புள்ளி. மெய்ப்புத் தாள்களில் இதைச் சுழித்துச் சுழித்து அனுப்புகிறேன். அடுத்த மெய்ப்பில் மறுபடி வந்து நிற்கும். கேட்டால் ஒரே பதில்தான். இருமொழிப் பதிப்பு ஒன்றில் வேலை செய்தபோது அதன் ஆசிரியர் சொன்னார்: “இங்கிலீஷ் பக்கத்துல கமா உள்ள இருக்கே சார், எதிர்ப்பக்கம் தமிழ்ல மட்டும் காணோம்னா ஏதோ விட்டுப்போன மாதிரி இருக்காதா?”

இருக்காது. எதுவும் விட்டுப்போகவில்லை. ஆங்கிலத்தில் அந்தக் காற்புள்ளி செய்கிற வேலையைத் தமிழில் ‘என்று’ செய்துகொண்டிருக்கிறது. ஒரு வேலைக்கு இரண்டு பேரை வைத்துவிட்டு, அதற்கு ‘ஒருமைப்பாடு’ என்று பெயரும் வைத்துக்கொள்கிறோம்.

ஆங்கிலத்தில் அது ஏன் இருக்கிறது என்று முதலில் பார்க்கலாம். ‘நான் வரமாட்டேன்’ என்பது தன்னளவில் முழு வாக்கியம்; முற்றுப்புள்ளி கேட்கும். ஆனால் ‘அவன் சொன்னான்’ இன்னும் பாக்கி இருக்கிறது. முற்றுப்புள்ளி வைத்தால் வாக்கியம் அங்கேயே முறிந்துவிடும். பேச்சையும் ‘சொன்னான்’ என்ற வினையையும் கட்டிவைக்க ஆங்கிலத்தில் தனிச்சொல் எதுவும் இல்லை. அதனால் முற்றுப்புள்ளியைக் காற்புள்ளியாகக் குறைத்து, இன்னும் முடியவில்லை என்று வாசகருக்குச் சொல்கிறார்கள். உரையாடலில் இது பிரிட்டிஷ், அமெரிக்கப் பழக்கம் இரண்டுக்கும் பொது. அமெரிக்கர்கள் ஒரு படி மேலே போய், ஒற்றைச் சொல்லை மேற்கோளுக்குள் போட்டாலும் அதற்குப் பின் வரும் காற்புள்ளியை உள்ளே தள்ளிவிடுவார்கள். அது அவர்கள் அச்சு மரபு, இருக்கட்டும்.

தமிழில் பேச்சையும் வினையையும் கட்டுவதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது. ‘என’ என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியம் இடையியலில் இடம் கொடுத்திருக்கிறது. மேற்கோள் குறி ஐரோப்பிய அச்சோடு நம்மிடம் வந்து சேர்வதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே, சொல்லுக்குச் சொல் இடைவெளிகூட விடாத ஓலைச்சுவடிகளில், யாருடைய பேச்சு எங்கே முடிகிறது என்பதை இந்தச் சொல்தான் காட்டியது. ‘என்று’, ‘என்றான்’, ‘என’, ‘என்பார்’, எந்த வடிவில் வந்தாலும் அது தனக்கு முன்னால் உள்ளதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு காற்புள்ளியைச் செருகுவது, ‘வீட்டில்’ என்பதை ‘வீட்டு, இல்’ என்று எழுதுவதற்குக் கொஞ்சம்தான் குறைவு. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ‘வரமாட்டேன் என்றான்’ என்பதில் எங்காவது மூச்சு நிற்கிறதா?

பழைய தமிழ்ப் புத்தகங்களிலும் இந்தக் காற்புள்ளி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆங்கிலப் பள்ளி இலக்கணத்தைப் பார்த்துப் பழகிய கைகள்தான் அவற்றையும் கோத்தன. பழையது என்பதால் அது தமிழுக்குத் தேவையானது ஆகிவிடாது.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். ‘என்று’ பேச்சின் முடிவைக் காட்டுமே தவிர, தொடக்கத்தைக் காட்டாது. ‘ராமன் நேற்று நான் ஊரில் இல்லை என்று சொன்னான்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நேற்று’ யாருடைய சொல்? ராமன் ஊரில் இல்லாதது நேற்றா, அவன் அதைச் சொன்னது நேற்றா? ‘நான்’ என்பது ராமனா, கதை சொல்கிறவரா? குறி இல்லாமல் இதற்கு விடை கிடையாது. ராமன், “நேற்று நான் ஊரில் இல்லை” என்று சொன்னான் என்றால் ஒரு பொருள். ராமன் நேற்று, “நான் ஊரில் இல்லை” என்று சொன்னான் என்றால் வேறு பொருள். திறக்கும் மேற்கோளும் அதற்கு முன்னால் வரும் காற்புள்ளியும் இங்கே உண்மையிலேயே உழைக்கின்றன. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்துத் தமிழைத் திருத்துகிறவர்கள் பல சமயம் இந்தத் தேவையான காற்புள்ளியை எடுத்துவிட்டு, தேவையில்லாததை விட்டுவைக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுவாய்க்குப் பின்னால் காற்புள்ளி வராதாம்!

உள்ளே எதுவுமே நிற்கக் கூடாது என்று சொல்லவில்லை. “எங்கே போகிறாய்?” என்றாள் என்பதில் கேள்விக்குறி அவள் பேச்சுக்குச் சொந்தம், அது உள்ளேதான் இருக்கும். “வா. உட்கார்” என்றார் என்பதில் நடுவில் உள்ள முற்றுப்புள்ளியும் அப்படியே. பேச்சு ‘என்று’ இல்லாமல் தனியாக நின்றால் கடைசி முற்றுப்புள்ளியும் உள்ளே வரும். இதே வாக்கியங்கள் ஆங்கிலத்துக்குப் போகும்போது தமிழில் இல்லாத காற்புள்ளியை அங்கே கட்டாயம் போட வேண்டும். போடாமல் விட்ட தமிழ்–ஆங்கில மொழிபெயர்ப்பைப் பார்த்தால் எனக்கும் கை துறுதுறுக்கும். அந்தந்த மொழிக்கு அதனதன் குறி.

காற்புள்ளியோடு இது நிற்பதில்லை. ஆங்கிலக் கதைகளில் பேச்சைப் பாதியில் வெட்டி, நடுவில் பேசியவர் பெயரைச் செருகி, மீதியைப் பிறகு சொல்வார்கள். அதன் குறிகளையும் வரிசையையும் அப்படியே இறக்கினால் இப்படி வரும்: “இந்த வீட்டை விற்க மாட்டேன்,” என்றார் தாத்தா, “நான் உயிரோடு இருக்கும்வரை.” இந்தக் கடைசித் துண்டை எந்த ‘என்று’ பிடித்துக்கொள்கிறது? ஒன்றுமில்லை, அந்தரத்தில் தொங்குகிறது. “நான் உயிரோடு இருக்கும்வரை இந்த வீட்டை விற்க மாட்டேன்” என்றார் தாத்தா என்று எழுதலாம். இல்லை, அந்த இடைநிறுத்தம் கதைக்கு வேண்டும் என்றால், “இந்த வீட்டை விற்க மாட்டேன்” என்றார் தாத்தா. பிறகு, “நான் உயிரோடு இருக்கும்வரை” என்றார். ஒரு ‘என்றார்’ கூடுதலாகச் செலவாகும். ஆகட்டுமே.

அடுத்தது ஒற்றைக் குறி, இரட்டைக் குறி. பிரிட்டிஷ் பதிப்புகளில் பெரும்பாலும் உரையாடலுக்கு ஒற்றை மேற்கோள். நம் வார இதழ்த் தொடர்கதைகளில் வளர்ந்த வாசகருக்கு இரட்டை என்றால் வாய்விட்டுப் பேசியது, ஒற்றை என்றால் மனசுக்குள் நினைத்தது. லண்டன் பதிப்பிலிருந்து மொழிபெயர்த்து, குறியை மாற்றாமல் ஒற்றையாகவே விட்டால், ஒரு சண்டைக் காட்சி முழுக்க இரண்டு பேரும் வாயே திறக்காமல் நினைத்துக்கொண்டிருப்பதாக வாசகர் படிப்பார். மூல நூலுக்கு விசுவாசமாம். குறிக்கு விசுவாசமாக இருந்து பேச்சைக் காவு கொடுப்பது என்ன விசுவாசம்?

இனி மேற்கோள் மூடிய பிறகு நடப்பது. ஆங்கிலப் பக்கத்தில் இதழ், நூல் பெயர்களைச் சாய்வெழுத்தில் போடுவார்கள். தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்கு வரைந்த சாய்வெழுத்து கிடையாது. மென்பொருள் நேரெழுத்தைப் பிடித்துச் சாய்த்துக் காட்டும், பார்க்கச் சகிக்காது. ஆகவே சாய்வு தமிழுக்கு வரும்போது ஒற்றை மேற்கோளாகிறது. சரியான முடிவுதான். ஆனால் ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் தனிச்சொல்லாக நிற்பது, தமிழில் உருபாகிப் பெயரின் வாலில் ஒட்டிக்கொள்ளும். மூடும் குறியை எங்கே வைப்பது?

மூன்று இதழ்களை எடுத்துக்கொள்வோம். ‘மணிக்கொடி’யில் சிக்கல் இல்லை, யகர உடம்படுமெய் வந்து நிற்கிறது, குறிக்குப் பின்னால் ‘யில்’ தானாக உட்காரும். சி.சு. செல்லப்பா நடத்திய ‘எழுத்து’ கொஞ்சம் படுத்தும். இலக்கணப்படி ‘எழுத்தில்’ என்றுதான் ஆக வேண்டும். ஆனால் அப்படி எழுதினால் இதழா, சாதாரண எழுத்தா என்று தெரியாது, குறி வைக்கவும் இடமில்லை. அதனால் சிற்றிதழ்க்காரர்கள் ‘எழுத்து’வில் என்று ஒரு வகரத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். இலக்கணத்துக்கு ஒவ்வாது, ஆனால் பெயரைச் சிதைக்காமல் உருபேற்றிய நல்ல தீர்வு. மூன்றாவது நா. பார்த்தசாரதியின் ‘தீபம்’. ‘தீப’த்தில் என்று எழுதினால் பெயர் பாதியில் வெட்டுப்படுகிறது, கணினியில் ‘தீபம்’ என்று தேடுகிறவருக்கு அது அகப்படாது. ‘தீபம்’இல் என்றால் கண்ணை உறுத்துகிறது. மகர ஈறு, னகர ஈறு வரும் பெயர்களுக்கு நான் ஒரு சொல்லைச் சேர்த்துவிடுவேன்: ‘தீபம்’ இதழில், ‘பொன்னியின் செல்வன்’ நாவலில். அரை அங்குல இடம்தான் கூடும்.

எதைச் செய்தாலும் உயிர்க்குறியை மட்டும் மேற்கோளுக்குப் பின்னால் தனியாக விடக் கூடாது. ‘ி’ போன்ற குறிக்கு ஏறி உட்கார ஒரு மெய் வேண்டும். மேற்கோள்குறி மெய்யாகாது. திரையில் ஒரு புள்ளிவட்டம் வந்து நின்றால் இதுதான் நடந்திருக்கிறது என்று அறியலாம்.

இவ்வளவும் பார்த்துச் சரிசெய்து அனுப்புவோம். பக்க வடிவமைப்பாளர் ஆங்கிலப் புத்தகத்துக்கு எழுதி வைத்த துப்புரவுக் கட்டளையைத் தமிழ்க் கோப்பிலும் ஓடவிடுவார். ‘மூடும் மேற்கோளுக்குப் பின் எழுத்து வந்தால் நடுவில் ஓர் இடைவெளி போடு’ என்பது அதில் ஒன்று. ஆங்கிலத்தில் நியாயமான விதி. தமிழில் ‘மணிக்கொடி’யில் என்பது இரண்டாக உடைந்துவிடும். ஒட்டியிருந்தவரை மென்பொருள் அதை ஒரே சொல்லாகக் கருதி வரி மாற்றாது. இடைவெளி நுழைந்ததும் வரி உடையலாம். அடுத்த வரி ‘யில்’ என்று தொடங்கும். தமிழ்ச் சொல் யி என்ற எழுத்தில் தொடங்காது என்பது குழந்தைக்கும் தெரியும், கட்டளைக்குத் தெரியாது.

பழைய எழுத்துருக் கோப்புகளில் சேதம் இதைவிடப் பெரிது. பாமினியில் ஆங்கிலக் காற்புள்ளி விசையை அழுத்தினால் ‘இ’ வரும். காற்புள்ளிக்கு வேறு விசை.

```
mtu; ,tu;
```

இது ‘அவர் இவர்’. ‘காற்புள்ளிக்கு முன் இடைவெளியை நீக்கு, பின் இடைவெளி சேர்’ என்ற ஆங்கில விதி இதன்மேல் ஓடினால் ‘அவர்இ வர்’ ஆகிவிடும். இணையத்தில் ‘கொழும்புஇ கண்டிஇ யாழ்ப்பாணம்’ என்று படித்திருப்பீர்கள். அது இதே குழப்பத்தின் மறுமுகம்: ஆங்கிலக் காற்புள்ளியைப் பாமினி எழுத்தென்று எண்ணி மாற்றியதன் விளைவு. ஆகவே முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும், பிறகுதான் குறிகளைத் தொட வேண்டும்.

யூனிகோடில் உடைந்துபோன உருபுகளை ஒட்ட நான் பயன்படுத்தும் தேடல் இது. கிடைத்ததை முதல் அடைப்பில் உள்ள குறியால் மட்டும் மாற்றினால் போதும்:

```
([’”]) (?=(யில்|வில்|யின்|வின்|க்கு|யை)[\s.,])
```

இதில் ‘வை’யைச் சேர்க்கவில்லை. “இதை மேஜைமேல் ‘எழுத்து’ வை” என்று யாராவது எழுதியிருந்தால் அது வினைச்சொல். அந்த ஒன்றை மட்டும் கண்ணால் தேடித்தான் ஒட்ட வேண்டும். இருநூறு பக்கத்துக்கு அரைமணி நேரம் ஆகும். என்றுக்கு முன்னால் நிற்கும் காற்புள்ளியை எடுக்க அவ்வளவுகூட ஆகாது.