‘அன்லிமிடெட்’ என்றால் எவ்வளவு?

ரீசார்ஜ் கடைக்குப் போனால் விலையையும், எத்தனை நாள் வரும் என்பதையும் மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம். ‘அன்லிமிடெட்’ என்று போட்டிருக்கிறதே, அப்புறம் என்ன கவலை என்று நினைப்பு. நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே ‘இல்லிமித்தே’ என்றால் எல்லையே இல்லாதது என்று பொருள். ரீசார்ஜ் அட்டவணையில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருக்கிறது.

‘அன்லிமிடெட், தினம் 2 ஜிபி’ என்ற திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். பேச்சுக்கு மட்டும்தான் அன்லிமிடெட். இணையத்துக்கு 2 ஜிபி. சாதாரணத் தெளிவில் ஒரு மணி நேரம் வீடியோ பார்த்தாலே அரை ஜிபிக்கு மேல் போய்விடும். பேரப்பிள்ளைகள் போனை வாங்கினால் சாயங்காலத்துக்குள் 2 ஜிபியும் காலி. அதன்பிறகு இணைப்பை நிறுத்த மாட்டார்கள், வேகத்தைக் குறைப்பார்கள். பல திட்டங்களில் அது 64 கேபிபிஎஸ். எட்டால் வகுத்தால் நொடிக்கு 8 கிலோபைட். வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி போகும். 2 எம்பி அளவுள்ள ஒரு புகைப்படம் இறங்க நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். வீடியோ ஓடவே ஓடாது. அந்த இருபது மடங்கு, நூறு மடங்கு இறக்கத்தைத்தான் ‘குறைந்த வேகத்தில் தொடரும்’ என்று அடியில் பொடி எழுத்தில் போடுகிறார்கள்.

போன் பழுதா, டவர் நெரிசலா, அளவு தீர்ந்ததா என்று அறிய ஒரு வழி உண்டு. பேச்சு தெளிவாக இருந்து, இணையம் மட்டும் நின்று, நள்ளிரவு 12 மணிக்குப் பிறகு தானாகச் சரியானால் அளவு தீர்ந்ததுதான் காரணம். நெரிசல் என்றால் ஆட்கள் உறங்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும். நிறுவனத்தின் செயலியில் அன்றைய மீதமும் தெரியும்.

வரம்பு வைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. ஒரு டவரை ஊரே பகிர்கிறது. ஒருவரே இழுத்தால் மற்றவருக்குக் கிடைக்காது. மறைப்பதுதான் தவறு. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் ‘அன்லிமிடெட்’ என்று விற்றுவிட்டு வேகத்தைக் குறைத்ததற்காக, 2019இல் 6 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. நம் டிராய் அமைப்பும் 2016இல், வீட்டுக்கு வரும் பிராட்பேண்டில் அளவு தீர்ந்த பிறகும் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக்கூடாது என்றது. கைபேசிக்கு அந்தக் காப்பு இல்லை. அதையும் கொண்டுவர வேண்டும். குறைந்த வேகத்தை விலையின் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அச்சிடவும் வேண்டும்.

அதுவரை கடையில் மூன்று கேள்வி கேளுங்கள்: தினம் எவ்வளவு? தீர்ந்தால் என்ன வேகம்? ‘அன்லிமிடெட் 5ஜி’ என்றால் என் போனிலும் என் தெருவிலும் 5ஜி வருகிறதா? வராவிட்டால் அந்த 2 ஜிபிதான் கணக்கு.