சைக்கிள் வேண்டாம், பத்து நிமிடம் போதும்

பெற்றோரே, ஐந்தாந்தர புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கினால் எங்கள் லயங்களில் இரண்டு பேச்சுத்தான் கேட்கிறது. "பாஸ் பண்ணினா சைக்கிள்." "கொப்பியைத் தொடாட்டி அடி." இரண்டையும் நாங்கள் எதிர்க்கிறோம்.

பத்து வயதுப் பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு அப்பால் இருக்கும் சைக்கிள் கண்ணுக்கே தெரியாது. இன்று மாலை கிரிக்கெட் மட்டுமே தெரியும். அடி விழுந்தாலோ, பிள்ளை கணக்கைப் பழகாது, கொப்பியை ஒளிக்கத்தான் பழகும்.

வேறு வழி இருக்கிறது. பன்னிரண்டு கழித்தல் கணக்கு கொடுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். பிள்ளை விளையாடி முடித்து, அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்து தேத்தண்ணி குடித்த பிறகு, தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் உட்காரட்டும். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். முதல் கணக்கை நீங்களும் பக்கத்தில் இருந்து தொடங்கிவையுங்கள். பத்து நிமிடம் முடிந்ததும் நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் ஓடி வரட்டும். பிறகு இன்னொரு பத்து நிமிடம். அன்றைக்கு அவ்வளவுதான். மிச்சம் இருந்தால் கொப்பியில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

உட்கார்ந்து முயன்றதற்கு அன்றே கலண்டரில் ஒரு சரி அடையாளம் போடுங்கள். விடை சரியா பிழையா என்பது வேறு விஷயம். எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மாவும் இதைச் செய்யலாம், மணிக்கூட்டைப் பார்த்தால் போதும். நான்கு அடையாளம் சேர்ந்தால் இரவுச் சாப்பாட்டைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும், அல்லது அப்பாவோடு ஒரு கெரம் ஆட்டம் ஆடட்டும். காசு வேண்டாம்.

இது கெடுவது மூன்று இடத்தில். பரிசை முன்கூட்டியே கொடுத்தால் பேரம் தொடங்கும். கோபத்தில் போட்ட அடையாளத்தை அழித்தால் பிள்ளை அதை நம்பாது. இரண்டு நாள் நன்றாகப் போனதும் பத்தை முப்பது நிமிடமாக்கினால் பழைய சண்டை திரும்பும்.

இரண்டு முறை கூப்பிடாமலே வந்து உட்கார்ந்தால் பழக்கம் பிடித்துவிட்டது. அதன்பின் பரிசை மெல்லக் குறையுங்கள். பிள்ளை தானாக விரும்பிச் செய்வதற்குப் பரிசு பேசவே வேண்டாம். 1973இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. ஆசையாகப் படம் வரைந்த சின்னப் பிள்ளைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்பே சொல்லிக் கொடுத்தார்கள். பிறகு அந்தப் பிள்ளைகள் வரைவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள். கேள்வியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டித் தடுமாறினால் அது பிடிவாதம் அல்ல, வாசிப்புக் குறை. அதற்குப் பரிசும் உதவாது, அடியும் உதவாது. எங்களிடம் வந்து சொல்லுங்கள்.

இன்னொரு டியூசனுக்குக் காசு கட்ட முன், மூன்று கிழமை இதைச் செய்து பாருங்கள்.